பதினாறாயிரம் எங்கே போகிறது?

எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு பெண் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் நியமனக் கடிதம், இன்னொரு கையில் வங்கி பாஸ்புக். எண்ணூர் குப்பங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கடிதத்தில் மாதம் 16,000 ரூபாய் என்று இருக்கிறது. பாஸ்புக்கில் 12,008 ரூபாய்தான் ஏறியிருக்கிறது.

"அக்கா, மிச்சம் நாலாயிரம் எங்க போச்சு? ஆபீஸ்ல கேட்டா பி.எஃப்.னு சொல்றாங்க. பி.எஃப். அவ்ளோவா புடிப்பாங்க?"

பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் நானும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதியவள். அதனால் கடிதத்தைத் திரும்ப வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். "சம்பளம்" என்று அதில் இல்லை. "நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு" என்று இருந்தது. நாலாயிரத்துக்கும் பதில் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் கட்ட வேண்டிய பங்கு, அதோடு சேரும் காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 விழுக்காடு. இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. இவை இரண்டையும் 16,000-க்கு உள்ளேயே அடக்கினால் உண்மையான சம்பளம் 13,763 ரூபாய் ஆகிறது. அதிலிருந்து அவளுடைய பங்காக வைப்பு நிதிக்கு 12 விழுக்காடும் இ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடும் போகின்றன. அது 1,755 ரூபாய். மிச்சம் 12,008. பாஸ்புக் சரியாகத்தான் இருக்கிறது.

போன நாலாயிரத்தில் ஏறக்குறைய 3,300 ரூபாய் அவள் பெயரில்தான் சேர்கிறது, கொஞ்சம் வைப்பு நிதியாகவும் கொஞ்சம் ஓய்வூதியக் கணக்கிலும். இதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடிதத்தில் "சம்பளம் 16,000" என்று மட்டும் எழுதிவிட்டு, நிறுவனம் தன் பங்கையும் அதிலிருந்தே பிடித்தால் அது சட்டப்படி தவறு. முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்க வைப்பு நிதிச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே சேரும் நாளிலேயே "இது கைக்கு வருவதா, மொத்தச் செலவா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நினைக்கிற நிறுவனத்தில் மற்ற கணக்குகளும் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இவளுக்காவது வைப்பு நிதி இருக்கிறது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அமைப்புகளுக்கு அது கட்டாயமில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்குள் ஒரு அறையும் ஒரு பெயர்ப்பலகையும் வைத்து நடக்கும் அமைப்புகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான். அங்கே மாதாமாதம் ஒரு வவுச்சரில் கையெழுத்து, கையில் பணம். பத்து ஆண்டு உழைத்தாலும் உழைத்ததற்கு ஒரு காகிதச் சாட்சி இருக்காது.

சம்பளம் எங்கே முடிவாகிறது

இந்தத் துறையில் சம்பளத்தைத் தீர்மானிப்பது படிப்போ அனுபவமோ அல்ல. நாம் வேலைக்குச் சேருவதற்கு ஆறு மாதம் முன்பு, நம் பெயரே தெரியாத இருவர் ஒரு எக்செல் தாளின் முன் உட்கார்ந்து எழுதிய ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. நான் அந்தத் தாள்களை எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒருமுறை ஆறு குப்பங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்த 30 லட்சத்துக்கு ஒரு திட்டம் எழுதினோம். ஒருங்கிணைப்பாளர், பாதி நேரக் கணக்காளர், 21,000 ரூபாயில் இரண்டு களப் பணியாளர்கள், 5,000 ரூபாயில் ஆறு மாலை வகுப்பு ஆசிரியைகள். சம்பளம் மட்டும் 13 லட்சத்து 68 ஆயிரம் வந்தது. பணம் தர வந்தவர்கள் "ஊதியத்துக்கு இவ்வளவா? 35 விழுக்காட்டுக்குள் கொண்டு வாருங்கள்" என்றார்கள். அதாவது பத்தரை லட்சம். மூன்று லட்சத்துக்கு மேல் வெட்ட வேண்டும். ஒருங்கிணைப்பாளரைக் குறைத்தால் ஆள் கிடைக்காது. கணக்காளரைக் குறைத்தால் தணிக்கை நிற்காது. வளைந்து கொடுக்கக்கூடியவர்கள் குப்பத்தில் இருப்பவர்கள் மட்டும்தான், ஏனென்றால் அவர்களுக்கு வேறு வேலை உடனே கிடைக்காது என்று நமக்குத் தெரியும். கணக்காளருக்குக் கொஞ்சம் கிள்ளினோம். 21,000 என்பது 16,000 ஆனது. 5,000 என்பது 3,000 ஆனது. அந்தத் தாளை நானே திருத்தி அனுப்பினேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

படிப்பு மையத்தில் ஆசிரியைதானே திட்டம்? அவருடைய சம்பளம் எப்படி வீண் செலவாகும்? இதில் ஒரு குழப்பம் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் சி.எஸ்.ஆர். என்கிறோம். அதில் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 5 விழுக்காடு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவிலேயே சேரும் என்று 2021 ஆகஸ்டில் கம்பெனிகள் விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துப் பேசத் தெரிந்த ஒரு கணக்காளர், பத்துக் களப் பணியாளர்களின் சம்பளத்தைக் காப்பாற்ற முடியும். எங்களுக்கு அப்போது அது தெரியாமல் போயிற்று.

வெளிநாட்டுப் பணம் என்றால் கதை வேறு. 2020 செப்டம்பரில் அந்நிய நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. அதைவிடப் பெரிய அடி, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்ற தடை. அதுவரை நுங்கம்பாக்கத்திலோ அடையாறிலோ இருக்கும் பெரிய நிறுவனம் பணம் வாங்கும். எண்ணூரில் இருக்கும் சின்ன அமைப்பு அதில் ஒரு பங்கை வாங்கி வேலையைச் செய்யும். அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. உரிமமே போனால் பெரிய நிறுவனமும் தாங்காது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, காசநோய், எச்.ஐ.வி. திட்டங்களை நம்பியிருந்தவர்கள் இன்னொரு முறை பதறினார்கள். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்துக்குத் தண்டையார்பேட்டையில் ஒருவர் வேலை இழக்கலாம் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு அன்றாட உண்மை.

இன்னொன்று, ஏப்ரல் மாதம். கம்பெனியின் கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை வர ஜூன் ஜூலை ஆகிவிடும். நடுவில் உள்ள இரண்டு மூன்று மாதம் "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஜூலைல கூப்பிடுறோம்" என்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த மாதங்களில்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்பா காசிமேட்டில் படகுக்குப் போகிறவர், மகள் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறவள் என்றால், வீட்டில் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் வற்றும்.

இதிலிருந்து தப்ப ஒரு கேள்வி உதவும்: "இது கம்பெனியின் கணக்கில் தொடர் திட்டமா?" தொடர் திட்டம் என்று பதிந்துவிட்டால், செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து மூன்று ஆண்டுவரை செலவிடச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் திட்டத்தில் வேலை செய்பவருக்கு ஏப்ரல் மாதச் சம்பளம் வர வாய்ப்பு அதிகம். ஓராண்டுத் திட்டம் என்றால் மார்ச் 31 ஒரு சுவர்தான். நேர்காணலில் இதைக் கேட்பவரை நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அவர் துறைமுகத்தில் ஏற்றுமதி ஆவணம் பார்த்துவிட்டு வந்தவர்.

எத்தனை அடுப்பு?

இந்தப் பகுதியில் தொண்டு வேலை அலையலையாகத்தான் வந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு திருவொற்றியூர் கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகைகளில் எத்தனை அமைப்புகள், எத்தனை வண்டிகள்! பிளஸ் டூ முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு பலகையும் படிவமும் கொடுத்து வேலை தந்தார்கள். சில ஆண்டுகளில் பணம் தீர்ந்தது, வண்டிகள் போயின. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் தேவைப்பட்டார்கள், ஒவ்வொரு முறையும் தேவை முடிந்ததும் அனுப்பப்பட்டார்கள். ஆனால் அந்த அலைகளில் சிலருடைய கையில் ஒரு தொழில் ஒட்டிக்கொண்டது. கணக்கெடுப்பு.

அது என்ன பெரிய வேலை, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவதுதானே என்று தோன்றும். 2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்குத் தலா 7,500. ஆக, பட்டியலில் எந்தப் பிரிவில் பெயர் விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வித்தியாசம்.

தேர்ந்தவர் எப்படி எடுக்கிறார் என்று ஒருமுறை காட்டுக்குப்பத்தில் கூடவே நடந்து பார்த்தேன். வாசலில் நின்றதும் "இந்த வீட்ல எத்தனை பேர்?" என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை அடுப்பு?" என்றார். ஒரே கூரைக்குக் கீழே அப்பா குடும்பமும் மகன் குடும்பமும் இருக்கும். ஒரே முகவரி, ஆனால் தனித்தனிச் சமையல். அடுப்பைக் கேட்டால் குடும்பம் இரண்டு என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, "கடலுக்குப் போறது யாரு, ஆத்துக்குப் போறது யாரு?" கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிப்பவரிடம் படகுப் பதிவு இருக்காது, சிலரிடம் வலையே இருக்காது, கையால் தடவிப் பிடிப்பார்கள். அவர்களிடம் மீனவர் என்று நிரூபிக்கக் காகிதம் கேட்டால் ஒன்றும் வராது. பிறகு படகு. "படகு உங்க பேர்ல இருக்கு, பங்கு எத்தனை?" பதிவு ஒருவர் பெயரில், பங்கு நால்வருக்கு. கடைசியில் அந்த வீட்டு அம்மாவிடம் திரும்பி, "நீங்க மீன் எங்க விக்கிறீங்க?" என்றார். குடும்ப அட்டையை வைத்து எழுதியிருந்தால் அவர் 'இல்லத்தரசி'. மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டதில் அவர் வியாபாரி.

ஒரு வீட்டுக்கு ஏழு நிமிடம் ஆனது. அதே படிவத்தைப் புதியவர் ஒருவர் மூன்று நிமிடத்தில் முடித்தார். அவருடைய தாளில் ஒரு தெருவுக்கே "தொழில்: மீன்பிடித்தல்" என்று ஒரே பதில். கணக்கெடுப்பு கெட்டுப்போனதை அடையாளம் காண இதுவே வழி. பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை.

இந்தத் திறமைக்கு வெளியே விலை உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் மாநகராட்சி செய்யும் கொசஸ்தலை ஆற்றுப்படுகை மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கும் இதுபோன்ற பன்னாட்டு வங்கிகளின் கடன் இருக்கிறது. இந்த வங்கிகள் கடன் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைக்கின்றன: வேலையால் யாருடைய வீடு, கடை, தொழில் பாதிக்கப்படுகிறதோ அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், இழப்பீடு எழுத வேண்டும், குறைகேட்கப் பதிவேடு வைக்க வேண்டும். இதற்காக ஆலோசனை நிறுவனங்களும் ஒப்பந்ததாரர்களும் ஆள் வைக்கிறார்கள். பதவிக்குப் பெயர் சமூகப் பாதுகாப்பு அலுவலர், குறைதீர் அலுவலர் என்று என்னென்னவோ இருக்கும். வேலை அதே "எத்தனை அடுப்பு" வேலைதான். நான் பார்த்த நியமனக் கடிதங்களில், களப் பணியாளராக 16,000 வாங்கியவர் இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறார்.

ஆனால் அங்கே போக ஒன்று தேவை. தான் எடுத்த கணக்கெடுப்பை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். எத்தனை வீடு, எந்தத் தேதி, எந்த முறை, எத்தனை ஆட்சேபம் வந்தது, அதில் எத்தனை சரி செய்தோம். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் "மக்களிடம் நன்றாகப் பழகுவேன்" என்று இருக்கிறது. "ஐந்து குப்பங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தேன், விடுபட்டவர்கள் என்று வந்த புகார்களை நேரில் சரிபார்த்தேன்" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய செய்திதான்.

ஆலை வாசலுக்குப் போகும் வழி

தொண்டுத் துறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போவது புதிய பாதை அல்ல, சட்டமே போட்ட பாதை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களில் சமூகப்பணி முதுகலை படித்தவர்களில் ஒரு பங்கு நேரே ஆலைகளின் நல அலுவலர் அறைக்குப் போனது இதனால்தான். திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளில் அந்த நாற்காலி இன்றும் இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த 500 என்பது 250 ஆகியிருக்கிறது. ஆக, நாற்காலிகள் கூட வேண்டும்.

இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்குப் பட்டம் கேட்பார்கள். குறிப்பிட்ட பாடப்பிரிவில் முதுகலையோ பட்டயமோ இல்லாத களப் பணியாளருக்கு, பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தாலும், அந்தக் கதவு திறக்காது. ஆகவே சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் முதலாண்டு முடிவில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, சமுதாய வளர்ச்சியா மனிதவளமா என்ற கேள்விக்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கிறது என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதிர்த் திசையில் வருகிறவர்களுக்கு நம் பகுதியைப் போல வளமான இடம் வேறில்லை. ராயபுரத்தில் தெருவுக்கு இருவர் துறைமுகத்தில் டேலி கிளார்க்காகவோ, சுங்க முகவரிடம் ஆவணம் பார்ப்பவராகவோ, சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடங்குப் பொறுப்பாகவோ இருந்தவர்கள். மிக்ஜாம் வெள்ள நேரத்தில் ஒரு நிவாரணக் கிடங்கில் ஓய்வுபெற்ற டேலி கிளார்க் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நடந்ததை நான் பார்த்தேன். முதல் நாள் அரிசி மூட்டைகள் லாரியிலிருந்து இறங்குவதும் ஆட்டோவில் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. எத்தனை வந்தது, எத்தனை போனது, யாருக்கும் தெரியாது. அவர் ஒரு நாற்காலியை வாசலின் நடுவே போட்டார். ஒரு வாசலில் இறக்கம் மட்டும், மறு வாசலில் ஏற்றம் மட்டும் என்றார். நோட்டில் நான்கு கட்டம் கிழித்தார்: காலை இருப்பு, வரவு, பட்டுவாடா, மாலை இருப்பு. கிழிந்த மூட்டைக்குத் தனிக் குறிப்பு. மூன்றாம் நாள் பணம் தந்தவர்கள் கணக்குக் கேட்டபோது, நோட்டைத் திறந்து காட்டினார்கள். அந்த நோட்டை நம்பித்தான் அடுத்த லோடு வந்தது.

தொண்டு நிறுவனத்தில் பயனீட்டுச் சான்று என்று ஒன்றை ஒவ்வொரு தவணைக்கும் கொடுக்க வேண்டும். வாங்கிய பணம், செலவான பணம், மிச்சம், ஒவ்வொன்றுக்கும் ரசீது. ஷிப்பிங் பில்லையும் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. அந்தச் சான்று பிசகினால் இரண்டாம் தவணை வராது, வராவிட்டால் எர்ணாவூர்த் தங்கைக்குச் சம்பளம் வராது. ஆகவே ஆவணம் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் எப்போதும் வேலை இல்லாமல் இருந்ததில்லை. வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்: பழைய சம்பளம் இங்கே கிடைக்காது, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காவது குறையும்.

எது கூட வராது

திறமைகள் இடம் மாறும். நம்பிக்கை மாறாது. இதைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் மிகத் தாமதமாகக் கற்கிறார்கள்.

ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் விரிவாக்கம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்த நேரத்தில் குப்பத்தில் செல்வாக்குள்ள களப் பணியாளரைத் தேடி வருவார்கள். மக்கள் தொடர்பு அலுவலர் வேலை, 35,000 சம்பளம், வண்டி. எனக்குத் தெரிந்த ஒருவர் போனார். போனதில் தவறில்லை, இரண்டு பெண் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். முதல் வாரம் பழைய குப்பத்துக்கு கம்பெனி அடையாள அட்டையோடு போனபோது, பத்து ஆண்டு அவரை "அண்ணே" என்று கூப்பிட்டவர்கள் "வாங்க சார்" என்றார்கள். நாற்காலி போட்டார்கள். அதுவரை அவர் அங்கே தரையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை வேலைக்கு எடுத்தவர்கள் வாங்க நினைத்தது அந்த "அண்ணே"வைத்தான். அது கிடைக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் அவருடைய பதவியும் தேவையற்றதாகிவிட்டது.

அதே நேரத்தில் கிளம்பிய இன்னொருவர் தனியார் மருத்துவமனைக்குப் போனார். காசநோய்த் திட்டத்தில் மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவது அவருடைய வேலையாக இருந்தது. ஆறு மாத மருந்து; இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் நோய் திரும்பும். எந்த வாரத்தில் ஆள் காணாமல் போவார், யாரைக் கேட்டால் தெரியும், வீட்டில் வெளியே தெரியாமல் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மருத்துவமனையில் அவருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசை. அங்கேயும் பாதி வேலை, காகிதம் குறைகிறது என்று வீட்டுக்குப் போன நோயாளியைத் திரும்ப வரவைப்பதுதான். அவர் விற்றது யாருடைய நம்பிக்கையையும் அல்ல, தன் வேலை முறையை. அதனால் ஊரிலும் அவர் இன்னும் "அக்கா"தான்.

எர்ணாவூர்ப் பெண்ணோடு அன்று இரண்டு மணி நேரம் இருந்தேன். அவளுடைய வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணைத் தேடி எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன். நிறுவனம் மாறினாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். புது எண் எடுத்துவிட்டால் பழைய ஆண்டுகள் தனியே நின்றுவிடும். மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். திட்டம் திட்டமாகத் தாவுகிற இந்த வேலையில் அந்தப் பத்து ஆண்டைக் கோக்கிற நூல் அந்த எண் மட்டும்தான்.

பிறகு அவளுடைய பையிலிருந்த கணக்கெடுப்புத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம். தொழில் என்ற கட்டத்தில் ஒரே பதில் இல்லை. ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "மருமகள் தனி அடுப்பு. மாமியாருக்குத் தெரியாமல் சொன்னது. பெயர் சேர்க்கும்போது பார்த்துச் சேர்க்கணும்."

"இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலக்கா. எங்க வீட்லயும் ரெண்டு அடுப்புதான்."